காணி ஏழு கோடி, கேட்ட கடன் நான்கு கோடி: வங்கி ஏன் தயங்குகிறது?

"ஐயா, எனக்கு வயது 43. துணுக்காய்ப் பக்கம், வவுனிக்குளத் தண்ணீரில் வயல் செய்கிறவன். ஊராரின் நெல்லைக் கூலிக்குக் குற்றிக் கொடுக்கும் சின்ன மில் ஒன்றும் நடத்துகிறேன். மணிக்கு ஒரு தொன் நெல் குற்றும் புது ஆலை போட விருப்பம். அவியல் தொட்டி, உலர்த்தி, கலர் சோட்டர், களஞ்சியம், ஒரு லொறி எல்லாமாக 600 இலட்சம். அதில் 200 இலட்சம் எங்களுடையது. பாதியைக் கனடாவில் இருக்கும் அண்ணர் போடுகிறார். மிச்சம் 400 இலட்சத்தை வங்கியிடம் ஐந்து வருடத்துக்குக் கேட்டேன். எங்கள் கணக்காளரின் அறிக்கையில், தவணை கட்டும் சக்தியைக் காட்டும் டி.எஸ்.சி.ஆர் விகிதம் 1.9. வங்கி அதை 0.89 என்று சொல்லி நிறுத்தி வைத்திருக்கிறது. இரண்டு தாளையும் இணைத்திருக்கிறேன். ஏழு கோடி போகும் வீட்டுக் காணியையும் வயலையும் ஈடு வைக்கத் தயார் என்றும் சொல்லிப் பார்த்தேன். இன்னொரு கணக்காளர் 1.5 வரும்படி எழுதித் தரலாம் என்கிறார். மச்சான், லீசிங் கொம்பனியில் நாலு வருடத்துக்கு உடனே எடுக்கலாம் என்கிறார். இலாபம் வருகிற தொழிலுக்கு வங்கி ஏன் இப்படிச் செய்கிறது? நான் என்ன செய்ய?"

தம்பி, நீங்கள் அனுப்பிய இரண்டு தாளையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் கூட்டல் கழித்தல் பிழை கிடையாது. உங்கள் கணக்காளர், ஆலை வருடம் முழுக்க முழு வேகத்தில் ஓடினால் என்ன வரும் என்று எழுதியிருக்கிறார். வங்கியின் கடன் அதிகாரி, நீங்கள் முதல் பன்னிரண்டு தவணையைக் கட்டப்போகிற வருடத்தை எழுதியிருக்கிறார். மேசையின் அந்தப் பக்கத்தில் நானும் இருந்தவன் என்பதால், அவர் எந்த வரியில் பேனாவை வைத்தார் என்று என்னால் சொல்ல முடியும்.

முதலில் அந்த எண் என்ன என்று பார்ப்போம். ஒரு வருடத்தில் தொழிலிலிருந்து கடன் கட்டுவதற்கென்று கையில் மிஞ்சும் காசை, அந்த வருடம் வங்கிக்குக் கட்டவேண்டிய முதலும் வட்டியும் சேர்ந்த தொகையால் பிரித்தால் வருவதுதான் டி.எஸ்.சி.ஆர். சரியாக 1 வந்தால், உழைத்ததெல்லாம் தவணைக்கே போய்விடும். அதனால்தான் வங்கிகள் பொதுவாக 1.25 முதல் 1.5 வரை எதிர்பார்க்கின்றன. 1க்குக் கீழே போனால், தவணை கட்ட வேறெங்கிருந்தோ காசு கொண்டுவர வேண்டும்.

"இலாபம் வருகிற தொழில்" என்று எழுதியிருக்கிறீர்கள். இலாபம் வந்தும் தவணை தவறுகிற தொழில்கள் நிறைய இருக்கின்றன. கடனின் முதலைத் திருப்பிக் கட்டும் காசு இலாப நட்டக் கணக்கில் செலவாக வராது, ஆனால் கையிலிருந்து போய்விடும். இயந்திரத் தேய்மானம் அதற்கு நேர்மாறு: கணக்கில் செலவு, கையிலிருந்து காசு போவதில்லை. எனவே வங்கி, வரி போன பிறகு வரும் இலாபத்தை எடுத்து, தேய்மானத்தையும் இந்தக் கடனின் வட்டியையும் திரும்பக் கூட்டி, அதைத்தான் மேலே வைக்கும். கீழே அதே வட்டியும் வருடத்துக்குரிய முதலும் வரும். நீங்கள் கேட்ட கடனுக்கு, 13 வீத வட்டியில் முதல் வருடம் முதலுக்கு 80 இலட்சமும் வட்டிக்கு 47 இலட்சமுமாக 127 இலட்சம் கட்ட வேண்டும். இந்த 127ஐ இரண்டு தாளும் ஒப்புக்கொள்கின்றன. வித்தியாசம் முழுக்க மேலே இருக்கிற எண்ணில்தான்.

1.9 எப்படி 0.89 ஆனது

உங்கள் கணக்காளர் மணிக்கு ஒரு தொன், நாளுக்கு எட்டு மணித்தியாலம், வருடம் 300 நாள் என்று பெருக்கி 2400 தொன் நெல் என்கிறார். நெல் வாங்கிய விலைக்கும், அரிசியும் தவிடும் விற்ற விலைக்கும் இடையே கிலோ நெல்லுக்கு 18 ரூபா நிற்கும் என்று வைத்து 432 இலட்சம் காட்டுகிறார். கூலி, மின்சாரம், பை, பராமரிப்பு எல்லாவற்றுக்கும் 190 இலட்சம் கழித்தால் 242. அதை 127ஆல் பிரித்தால் 1.9 வருகிறது.

வங்கி முதலில் கேட்டது, இந்த 2400 தொன் நெல் எங்கிருந்து வரும் என்பதுதான். ஏக்கருக்கு ஒன்றரைத் தொன் என்று வைத்தாலும் அது 1600 ஏக்கரின் முழு விளைச்சல். காலபோக வெட்டு முடிகிற மாசி, பங்குனியில் வெட்டு மெஷின் வயலை விட்டு ஏறமுன்னரே பொலன்னறுவை வியாபாரிகளின் லொறி வரம்பில் வந்து நிற்பதை நீங்களே ஒவ்வொரு வருடமும் பார்க்கிறீர்கள். ஈர நெல்லைக் காசு எண்ணிக் கொடுத்து ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். சிறுபோகத்துக்குக் குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறதோ அதைப் பார்த்துத்தான் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் ஏக்கரைத் தீர்மானிப்பார்கள். அப்படியிருக்க, முதல் வருடமே ஆலை நூற்றுக்கு நூறு ஓடும் என்று எழுதினால் எந்தக் கடன் அதிகாரியும் அதை வெட்டித்தான் வைப்பார். இவர் 70 வீதம் வைத்திருக்கிறார். புது ஆலைக்கு அது கடுமையான எண்ணும் இல்லை.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. நெல் 30 வீதம் குறைந்தால் கையில் வரும் காசும் 30 வீதம்தான் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். உங்கள் 190 இலட்சச் செலவில் 60 இலட்சம் நிரந்தரச் செலவு: காவலாளி, மில் ஓட்டுநர், காப்புறுதி, மின்சாரத்தின் நிலையான கட்டணம். ஆலை ஓடினாலும் ஓடாவிட்டாலும் அது போகும். எனவே 1680 தொன் ஓடும்போது வரவு 302, செலவு 151, மிச்சம் 151. 242 இருந்த இடத்தில் 151, ஏறக்குறைய 38 வீத வீழ்ச்சி.

அடுத்தது, உங்கள் கணக்காளரின் தாளில் இல்லவே இல்லாத ஒரு வரி. ஆலை கட்ட 600 இலட்சம் எழுதியவர், ஆலைக்குள் போடுகிற நெல்லுக்குக் காசு எழுதவில்லை. கிலோ 120 ரூபாப்படி 1680 தொன்னுக்கு வருடம் 2000 இலட்சத்துக்கு மேல் வேண்டும். அரிசி விற்ற காசு திரும்பத் திரும்ப வருவதால் முழுவதும் ஒரே நேரத்தில் தேவைப்படாது. ஆனால் வெட்டு முடிகிற காலத்தில் களஞ்சியத்தில் 400 இலட்ச ரூபா நெல் கிடக்கும்; அடுத்த போகம் வரமுன் அது இறங்கிவிடும். வருடச் சராசரி 200 இலட்சம் என்று வங்கி எடுத்திருக்கிறது. அதற்கு 13 வீதத்தில் 26 இலட்சம் வட்டி. அதோடு உங்கள் குடும்பச் செலவு மாதம் ஒரு இலட்சப்படி 12. இரண்டையும் கழித்தால் 113 மிஞ்சும். 113ஐ 127ஆல் பிரித்தால் 0.89.

முதல் வருடத்தில் வரி பெரிதாக வராது என்பதால் அதை விட்டுவிட்டேன். பின் வருடங்களுக்கு அதையும் போட வேண்டும்; கீழே நான் சொல்லும் பின் வருட எண்களிலும் வரி கழிக்கப்படவில்லை.

சராசரியைக் காட்டினால்?

உங்கள் இரண்டாவது கணக்காளர் சொல்லும் 1.5 எங்கிருந்து வரும் என்று எனக்கு ஊகிக்க முடிகிறது. ஆலை இரண்டாம் வருடம் 80 வீதம், அதன்பின் 85 வீதம் ஓடும் என்றே வைப்போம். அதற்கேற்ப நெல் வாங்கும் காசின் வட்டியும் கூடும். ஆலைக் கடனின் முதலைக் கட்டக் கட்ட அதன் வட்டி குறைந்துகொண்டு போகும். அப்படிப் பார்த்தால் இரண்டாம் வருடம் 1.19, மூன்றாம் வருடம் 1.43, கடைசி வருடம் 1.78 வரை ஏறும். ஐந்து வருடச் சராசரி 1.38. கிலோவுக்கு ஒரு ரூபா கூட்டி எழுதினால் 1.5ஐத் தாண்டிவிடும். பார்க்க வடிவாக இருக்கும்.

வங்கி சராசரியையும் பார்க்கும், ஆனால் தீர்மானிப்பது பெரும்பாலும் மிகக் குறைந்த வருடத்தை வைத்துத்தான். ஐந்தாம் வருடத்து மிச்சத்தை எடுத்து முதலாம் வருடத் தவணை கட்ட ஒருவராலும் முடியாது. முதல் வருடம் 14 இலட்சம் துண்டு விழுகிறது. அதை எங்கே எடுப்பீர்கள்? நெல் வாங்க வைத்திருக்கும் காசில். அடுத்த போகத்துக்கு நெல் குறைவாக வாங்குவீர்கள். ஆலை 80 வீதத்துக்கு ஏறாது, 60க்கு இறங்கும். நான் பார்த்த வரையில் அரிசி ஆலைக் கடன்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த வழியில்தான். இயந்திரம் நன்றாக இருக்கும், அரிசிக்குக் கிராக்கியும் இருக்கும், களஞ்சியத்தில் நெல் இருக்காது.

எண்ணைத் திருத்தி எழுதுவதில் சட்டச் சிக்கலும் உண்டு. கடன் ஒப்பந்தத்தில், கொடுத்த தகவல் எல்லாம் உண்மை என்று நீங்கள்தான் கையெழுத்து வைக்கிறீர்கள், அந்தக் கணக்காளர் அல்ல. பொய் என்று பின்னர் தெரிந்தால் முழுக் கடனையும் உடனே திருப்பிக் கேட்க வங்கிக்கு உரிமை வந்துவிடும். அதைவிட, 1.5 என்று நம்பி வங்கி ஐந்து வருடக் கடனையே அப்படியே தந்துவிட்டால், 0.89இல் நின்று தவணை கட்டப்போகிறவர் நீங்கள். அவரிடம் போகாதீர்கள்.

காணி எங்கே கணக்கில் வருகிறது

ஏழு கோடிக் காணி இருக்கிறபோது என்ன பயம் என்ற உங்கள் ஆதங்கம் விளங்குகிறது. ஆனால் டி.எஸ்.சி.ஆர் கணக்கில் காணிக்கு இடமே இல்லை. கடன் திரும்பி வர வங்கி இரண்டு வழி பார்க்கும். முதல் வழி தொழிலிலிருந்து வரும் காசு. அது அடைபட்டால் மட்டும் இரண்டாவது வழி, ஈடு. முதல் வழி சரியில்லாத கடனை இரண்டாவது வழியை மட்டும் நம்பிக் கொடுப்பது என்றால், உங்கள் காணியை ஒருநாள் ஏலத்தில் விடவேண்டி வரும் என்று தெரிந்தே கொடுப்பதாகும்.

அந்த ஏழு கோடியையும் வங்கி ஏழு கோடியாக எடுக்காது. அவசரத்தில் விற்றால் என்ன வரும் என்ற கட்டாய விற்பனைப் பெறுமதியைத்தான் மதிப்பீட்டாளரிடம் கேட்கும். நம் ஊரில் அயலவரின் வயல் ஏலத்துக்கு வந்தால் கேட்க ஆள் வராது என்பது வங்கிக்கும் தெரியும். வயலில் எவ்வளவு உறுதிக் காணி, எவ்வளவு பெர்மிட் காணி என்று நீங்கள் எழுதவில்லை. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த பெர்மிட் காணியை உறுதிக் காணி போல நினைத்தபடி ஈடு வைக்க முடியாது. பிரதேச செயலகத்தில் கேட்டு இதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். வங்கியின் சட்டத்தரணி ஆவணங்களைத் திருப்பி அனுப்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தால் மாதக்கணக்கில் போய்விடும்.

ஈடு வைக்கிறவர் தெரிந்திருக்க வேண்டிய இன்னொன்று: 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், வங்கியின் பணிப்பாளர் சபை ஒரு தீர்மானம் நிறைவேற்றி, நீதிமன்றம் போகாமலே ஈட்டுக் காணியை ஏலத்தில் விடலாம். பராட்டே என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். 2024இல் அதைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தார்கள் என்பதை நம்பிக் கடன் எடுக்க வேண்டாம். குடியிருக்கும் வீட்டுக் காணியை முடிந்தவரை இதற்குள் கொண்டுவராமல் இருக்கப் பாருங்கள்.

கடனை எப்படி மாற்றிக் கேட்பது

லீசிங் யோசனையை முதலில் முடித்துவிடுகிறேன். 20 வீத வட்டியில், முதலைச் சமமாகப் பிரித்து நாலு வருடத்தில் கட்டுவது என்று வைத்தால், முதல் வருடம் மட்டும் 171 இலட்சம் கட்ட வேண்டும். கையில் 113. விகிதம் 0.66. உடனே கிடைக்கும் என்பதுதான் அதிலுள்ள ஒரே நன்மை.

உங்கள் தொழிலில் எனக்குக் குறை தெரியவில்லை. கடன்தான் தொழிலுக்குப் பொருந்தவில்லை. மூன்று மாற்றம் செய்துகொண்டு வங்கிக்குத் திரும்பப் போங்கள்.

முதலாவது, லொறியை விடுங்கள். அதற்கு 60 இலட்சம் போட்டிருக்கிறீர்கள். வாடகை லொறிக்கு வருடம் எட்டு இலட்சம் கூடுதலாகப் போனாலும், கடன் 340 இலட்சமாகக் குறையும். திட்டச் செலவு 540 ஆகும்போது உங்கள் 200 இலட்சம் அதில் 37 வீதம். சொந்தக் காசு கூடுதலாக நிற்பதை வங்கி விரும்பும். கலர் சோட்டரில் மட்டும் கை வைக்காதீர்கள். கறுப்பு மணியும் கல்லும் கலந்த அரிசியை இன்றைக்குக் கடைக்காரர் பை விலைக்கு எடுக்கமாட்டார்.

இரண்டாவது, காலத்தை நீட்டுங்கள். ஆலை ஓடத் தொடங்கிய முதல் பன்னிரண்டு மாதம் வட்டி மட்டும் கட்டி, அதன்பின் 72 மாதத் தவணையில் முதலைக் கட்டும்படி கேளுங்கள். இப்போது கணக்கு மாறுகிறது. முதல் வருடம் வட்டி மட்டும் 44 இலட்சம், கையில் 105. இரண்டாம் வருடம் முதலும் வட்டியும் 97 இலட்சம் அளவில் வரும், கையில் 131 அளவில் இருக்கும். 1.35. அதுதான் மிகக் குறைந்த வருடம். பிறகு ஏறிக்கொண்டே போகும். மொத்த வட்டி கூடும் என்பது உண்மைதான். அந்தக் கூடுதல் வட்டி, முதல் வருடத்தில் நெல் காசைத் தவணைக்கு எடுக்காமல் இருப்பதற்கான விலை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, நெல்லுக்கான கடனை வேறாகக் கேளுங்கள். ஆலை கட்டுகிற நீண்டகாலக் கடனில் நெல் வாங்கவே கூடாது. களஞ்சியத்து நெல்லை வங்கியின் பூட்டின் கீழ் வைத்து, விற்க விற்க விடுவிக்கும் பிணைக் கடன் ஆலைக்காரருக்குக் கிடைக்கும். இரண்டு விண்ணப்பத்தையும் ஒரே கிளைக்கு, ஒரே நேரத்தில் கொடுங்கள். ஆலைக்கு அனுமதி வந்து நெல்லுக்கு வராமல் போனால், ஓடாத ஆலைக்குத் தவணை கட்டுவீர்கள். கூலிக்குக் குற்றுகிற வேலையையும் கைவிட வேண்டாம். அதில் இலாபம் குறைவு, ஆனால் நெல் வாடிக்கையாளருடையது, உங்கள் காசு அதில் முடங்காது.

இரண்டு ரூபா

இப்போது 1.35 போதுமா என்ற கேள்வி. வங்கி இந்த இடத்தில் எண்களை அசைத்துப் பார்க்கும். நீங்களும் வீட்டில் இருந்தே அசைத்துப் பாருங்கள்.

இரண்டாம் வருடத்தில் கிலோ நெல்லுக்கு நிற்கும் 18 ரூபா 16 ஆகிறது என்று வையுங்கள். ஆலை 80 வீதம் ஓடுகிறது, 1920 தொன். கிலோவுக்கு இரண்டு ரூபா என்றால் 38 இலட்சம். கையில் 93, கட்டவேண்டியது 97. 1.35 இருந்த விகிதம் 0.96க்கு விழுந்துவிட்டது. இரண்டே ரூபாவில்.

அந்த இரண்டு ரூபா எப்படிப் போகும்? உங்கள் 18 ரூபா இரண்டு விலைக்கு நடுவே நிற்கிறது. கீழே நெல் விலை. 2025 பெப்ரவரியில் அரசாங்கம் நாட்டு நெல்லுக்கு 120 ரூபா உத்தரவாத விலை அறிவித்தது, வெட்டு முடிந்து மாதங்கள் போகப்போக வெளியில் நெல் விலை ஏறும். மேலே அரிசிக்குக் கட்டுப்பாட்டு விலை. 2024 டிசம்பரில் நாட்டரிசிக்குச் சில்லறையில் 230 ரூபா என்று நிர்ணயித்தார்கள். நெல் ஏறினாலும் அரிசியை அதற்கு மேல் விற்க முடியாது. அதோடு ஈரம். 14 வீத ஈரப்பதனில் வாங்குவதாக எழுதிவிட்டு, அவசரத்தில் 17, 18இல் வாங்கினால், உலர்த்திய பிறகு எடை குறைந்து அந்த ரூபா காணாமல் போயிருக்கும். ஆயிரம் ரூபாக்களில் கிடைக்கிற ஈரமானி இல்லாமல் கோடி ரூபா நெல் வாங்குகிறவர்களை நான் கண்டிருக்கிறேன்.

அப்புறம் வட்டி. உங்கள் வங்கியின் தாளில் சிறிய எழுத்தில், ஏ.டபிள்யூ.பி.எல்.ஆர் கூட்டல் 4 வீதம் என்று இருக்கிறது. வங்கிகள் தங்கள் முதன்மை வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் கடனின் சராசரி வட்டிதான் இந்த ஏ.டபிள்யூ.பி.எல்.ஆர். அதாவது 13 வீதம் இன்றைய வட்டி, நாளைக்கு மாறும். 2021 முடிவில் 9 வீதத்துக்குக் கீழே இருந்த ஏ.டபிள்யூ.பி.எல்.ஆர், 2022 முடிவில் 27ஐத் தாண்டியது. 400 இலட்சம் கடன் வைத்திருந்தவருக்கு அது வருடம் 70 இலட்சத்துக்கு மேல் கூடுதல் வட்டி. அப்படி இன்னொரு முறை வராது என்றே நினைப்போம். ஐந்து வீதம் மட்டும் ஏறினாலும், ஆலைக் கடனிலும் நெல் கடனிலும் சேர்த்து உங்கள் இரண்டாம் வருட விகிதம் 1.06க்கு வரும். உச்ச வரம்பு வைத்த வட்டி, அல்லது முதல் சில வருடங்களுக்கு நிலையான வட்டி தருவார்களா என்று கேளுங்கள். கேட்பதில் தவறில்லை, சில நேரம் தருவார்கள்.

இதற்கெல்லாம் காப்பு, முதல் வருடத்தில் இருக்கிறது. வட்டி மட்டும் கட்டும் அந்த வருடத்தில் 61 இலட்சம் கையில் மிஞ்சும். லொறி வாங்க மனம் வரும், வேண்டாம். ஆறு மாதத் தவணைக்குச் சமமான 49 இலட்சத்தை அதே வங்கியில் தனி வைப்பாக வையுங்கள். பெரிய மின் திட்டங்களுக்குக் கடன் கொடுக்கும்போது இப்படியொரு இருப்பை வங்கிகளே நிபந்தனையாகப் போடும். நீங்கள் கேட்காமலே முன்வைத்தால் உங்கள் கோப்பை வாசிக்கிறவர் நிமிர்ந்து உட்காருவார். இரண்டு ரூபாவும் போய், ஐந்து வீதமும் ஏறி, இரண்டும் ஒரே வருடத்தில் வந்தாலும் துண்டு விழுவது 31 இலட்சம் அளவில்தான். அந்த வருடத்தை வைப்பு தாங்கும். இரண்டு வருடம் தொடர்ந்தால் தாங்காது, அப்போது தவணை தவற முன்னரே வங்கியிடம் போய்ப் பேச வேண்டும்.

கோப்பில் வேறு என்ன பார்ப்பார்கள்

விகிதம் சரியாக வந்த பிறகும் கோப்பு சில இடங்களில் தட்டும். முதலில் எடுப்பது கிரிப் எனப்படும் கடன் தகவல் பணியகத்தின் அறிக்கை. அதில் உங்கள் கடன்கள் மட்டுமல்ல, பிறருக்குப் பிணை வைத்த கடன்களும் தெரியும். லீசிங் பற்றிச் சொன்ன மச்சானுக்கோ வேறு யாருக்கோ எப்போதாவது கையெழுத்து வைத்திருந்தால், அது ஒழுங்காகக் கட்டப்படுகிறதா என்று இப்போதே விசாரியுங்கள்.

அண்ணரின் காசு வங்கி வழியாக, அவருடைய பெயர் தெரியும்படி உங்கள் கணக்குக்கு வரட்டும். வேறு வழியில் வந்த காசைச் சொந்த முதலீடு என்று நிரூபிக்க முடியாமல் நின்றவர்கள் உண்டு. அதைக் கடனாகத் தருகிறாரா, பங்காகத் தருகிறாரா என்பதையும் ஒரு கடிதத்தில் எழுதி வாங்குங்கள். கடன் என்றால் வங்கிக் கடன் முடியும்வரை திருப்பிக் கேட்பதில்லை என்று அதில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வங்கி அதையும் கட்டவேண்டிய தொகையில் சேர்த்துவிடும்.

உங்கள் பழைய மில்லின் வரவு எவ்வளவு வங்கிக் கணக்கில் ஓடியிருக்கிறது? கூலிக் காசை அலுமாரியில் வைத்துச் செலவு செய்தால், அத்தனை வருட அனுபவத்துக்கும் வங்கியின் கண்ணில் சாட்சி இல்லை. இன்றிலிருந்தாவது தினமும் கணக்கில் போடுங்கள். நெல் தருவதாகச் சொல்லும் கமக்கார அமைப்புகளிடமும், அரிசி எடுக்கும் மொத்தக் கடைகளிடமும் கடிதம் வாங்கி வையுங்கள். 70 வீதம் என்ற எண்ணை 75க்கு உயர்த்தக்கூடியது அந்தக் கடிதங்கள்தான், வாய்ப்பேச்சு அல்ல. அவியல் தொட்டிக் கழிவுநீர் எங்கே போகும் என்ற கேள்வியும் வரும். சுற்றாடல் பாதுகாப்பு உரிமத்துக்கான வேலையையும், ஆலைக்கு வேண்டிய மும்முனை மின் இணைப்புக்கான மதிப்பீட்டையும் கடன் வரும்வரை தள்ளிப்போடாதீர்கள்.

கடைசியாகத் திகதி. வட்டி மட்டும் கட்டும் சலுகைக் காலம் பெரும்பாலும் முதல் காசு கைக்கு வந்த நாளிலிருந்து ஓடத் தொடங்கும், ஆலை ஓடத் தொடங்கிய நாளிலிருந்து அல்ல. இயந்திரம் வந்து பொருத்தி மின்சாரமும் கிடைக்க எட்டு மாதம் என்று எடுத்தால், பன்னிரண்டு மாதச் சலுகையில் நாலு மாதம்தான் மிஞ்சும். ஆகவே இருபது மாதம் என்று எழுதிக் கேளுங்கள். அந்த எட்டு மாதத்தில் எடுத்த காசுக்கு 15 இலட்சம் அளவில் வட்டி வரும்; அது உங்கள் 600இல் இல்லை, திட்டச் செலவில் சேர்க்க வேண்டும். இருபது மாதம் தர மறுத்தால், முதல் காசை மாசியில் எடுக்காமல் வைகாசிக்குத் தள்ளுங்கள். ஆலை தையில் தயாராகும், காலபோக நெல் மாசியில் வரும், சலுகைக் காலம் முடிகிறபோது களஞ்சியத்தில் விற்க அரிசி இருக்கும்.